வீல் கப்புக்குள்ளே

மனைவியின் காருக்கு டயர் மாற்றியவன் நான்தான். பிறகு அதில் டொக்டொக்கென்று ஒரு சத்தம். பார்க்க வந்த மெக்கானிக் நண்பரிடம், "அண்ணை, கிளிப்புகளை உடைச்சுப்போடாதேங்கோ" என்றேன். சக்கரத்தை மூடும் பிளாஸ்டிக் வீல் கப் அதன் கிளிப்புகளால் இரும்பு ரிம்மோடு இறுகிக் கிடந்தது.

"குளிருக்குள்ளை இழுத்தா உடையும்தான்" என்று இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றினார். துணி சுற்றிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு கிளிப்புக்கு அருகிலும் நுழைத்து, சுற்றிச்சுற்றிக் கொஞ்சங் கொஞ்சமாகக் கிளப்பினார். கப் முழுசாகக் கழன்றது.

உள்ளே நான்கு நட்டுகளும் விரலுக்கே சுழன்றன.

"ஜாக்கை இறக்கினாப் பிறகு இறுக்கேல்லையோ?"

இல்லை. மழைக்கு அவசரப்பட்டுக் கப்பை அடித்துப் பூட்டிவிட்டேன். ஐந்து நாளாக அவள் இந்தச் சக்கரத்தில்தான் ரானுயியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அதிவேக மோட்டர்வேயில் வேலைக்குப் போய்வந்திருக்கிறாள்.

"முடிஞ்சுதே? நான் வெளிக்கிடட்டே?" வாசலில் நின்று கேட்டாள். அவள் கையிலிருந்து கார்த் திறப்பைப் பறித்தேன்.