மார்கழிக் குளிரில் வேர்த்தது

எண்ணெய் நாற்றம் எப்படி இருக்கும் என்று பஜ்ஜி போடுகிறவளைத்தான் கேட்க வேண்டும். ஏற்காட்டில் சுற்றுலாக்காரர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்து நிற்கும் இடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தள்ளுவண்டிக் கடை போட்டிருக்கிறோம். அவர் டீ ஆற்றுவார். நான் மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் போடுவேன். மதியம் சட்டி முன்னால் நின்றால் இருட்டிய பிறகுதான் நகர முடியும். தலைமுடி, ரவிக்கை, நகக்கண் எல்லாம் அந்த எண்ணெய்தான்.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு என்றால் சோறும் மீந்த பஜ்ஜியும். கொட்ட மனசு வராது, அதனால் வயிற்றில் கொட்டினேன். அதற்குப் பிறகு தூக்கம் ஏது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பேன். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காது. கக்கூஸ் எங்களுக்கு வெளியே. பனியில் நாலு தடவை, ஐந்து தடவை போய் வருவேன். விடிந்து பார்த்தால் அங்கே எறும்பு வரிசை கட்டியிருக்கும். என் உடம்பிலிருந்து போனதை எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வரும். வாளித் தண்ணீரை அடித்து ஊற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவேன்.

மாத்திரை போதவில்லை என்று டாக்டர் காலையும் இரவும் இன்சுலின் போடச் சொன்னார். "ஊசி போட்டு அரை மணி நேரத்துல சாப்பிட்டுடணும்மா" என்றார். தலையாட்டினேன். எறும்பை நினைத்து, இனி பஜ்ஜியைத் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்துகொண்டேன். பஜ்ஜியை விட்டேன், சரி. ஆனால் கடை முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, ஊசியைப் போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தால், சோற்றைப் பிசைகிற கையிலிருந்தே எண்ணெய் வாடை ஏறும். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. தட்டைத் தள்ளிவிடுவேன். சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஏறாது, நல்லதுதானே என்று எனக்கு நானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன்.

மார்கழி மாதம். கம்பளிக்குள்ளேயே கால் விறைக்கிற குளிர். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மேல், யாரோ என்னைக் கிணற்றில் தள்ளுவதுபோல் கனவு கண்டு விழித்தேன். நைட்டி முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தலையணை ஈரம். சூடான வேர்வை இல்லை, தவளைத் தோல் மாதிரி சில்லென்று பிசுபிசுத்த வேர்வை. கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அதற்கு மேல் ஒரு பசி. மனுஷப் பசி இல்லை அது. அடுக்களையில் கல்யாண வீட்டு மைசூர்பாகு டப்பா இருந்தது. விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே தின்றேன். ஏழா எட்டா தெரியாது. நெய் முழங்கைவரை வழிந்தது. நடுக்கம் நின்ற பிறகுதான் விரலை நக்கிக்கொண்டிருப்பது உறைத்தது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

காலையில் தலைவலி. வெறும் வயிற்றுச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இப்படியே பல ராத்திரி. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று டாக்டர் அந்தக் காலைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இனிப்பு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். இருட்டில் நின்று தின்றதை எந்த வாயால் சொல்வது? வேர்வையைப் பற்றியும் சொல்லவில்லை. அவர் ராத்திரி ஊசியின் அளவைக் கூட்டினார். நான் சொன்ன பொய்க்குக் கிடைத்த பலன் அது.

வீட்டுக்காரர் முன் அறைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனார். "தப்பா நெனைக்காத புள்ள. உன்ற வேர்வை ஒரு மாதிரி வீசுது. வயசாகறப்ப பொம்பளைங்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்" என்றார். எனக்கே பிடிக்காத உடம்பு அவருக்கு மட்டும் எப்படிப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டிய அளவு போட்ட நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நடந்தது எனக்கு முழுதாக ஞாபகம் இல்லை. அவர் சொல்லித்தான் தெரியும். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து வெறும் சட்டியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தேனாம். "பத்து பிளேட்டுக்கு ஆளு நிக்குது" என்று குழறினேனாம். அவர் முதலில் என் வாயை மோந்து பார்த்திருக்கிறார். பிறகுதான் விரலைக் குத்தி, சர்க்கரை பார்க்கிற மெஷினில் வைத்திருக்கிறார். நாற்பத்தொன்று.

எழுபதுக்குக் கீழே போனால் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று ஊசி போடக் கற்றுக்கொடுத்த அன்று நர்ஸம்மா சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி வாயில் வைத்தார். முதல் வாயை அவர் முகத்திலேயே துப்பினேன். அவர் விடவில்லை. "முழுங்கு அம்மிணி, முழுங்கு" என்று கெஞ்சிக் கெஞ்சி மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தால் எண்பத்தாறு. எனக்குப் புத்தி தெளிந்தபோது தாடையெல்லாம் பாகு ஒட்டியிருந்தது. நைட்டி நனைந்திருந்தது, வேர்வையால் மட்டும் இல்லை. அவர் நாலு பிஸ்கட்டைத் தின்ன வைத்தார், துணியை மாற்றிவிட்டார். அப்புறம்தான் அந்த மோந்து பார்த்த கதையைச் சொன்னார்.

"நாங் குடிச்சிருப்பேன்னு நெனச்சீங்களா?"

"நொம்பப் பயந்து போயிட்டேன் புள்ள. என்ன பண்றதுன்னே தெரியல."

பயந்தவர் வாயை மோந்தா பார்ப்பார்? விடியும்வரை சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன்.

காலையில் முதல் ஜீப்பைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த நர்ஸம்மா சேலத்துக்காரி. "ஏனுங்கக்கா, ராத்திரி வேர்க்குதுங்களா? கெட்ட கனவு வருதுங்களா?" என்று அவள் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தள்ளிய தட்டு, மைசூர்பாகு, சொன்ன பொய். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி உள்ள போயிடுச்சு, சோறு போகலைன்னா சர்க்கரை எறங்காம என்னங்க பண்ணும்? எறங்குனதும் பசியில இனிப்ப அள்ளித் தின்னுபோடறீங்க. காலைல ஏறிக் கெடக்குது. அதப் பாத்துட்டு டாக்டரு ஊசியக் கூட்டறாரு. அவரு என்ன ஜோசியங்களா பாக்கறாரு, நீங்க சொல்லாமத் தெரிய?" என்றாள். வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணா, முழுங்கற தெளிவு இருந்தா மட்டுந்தான் சர்க்கரைத் தண்ணி. மயங்கிக் கெடந்தா வாய்ல எதையும் ஊத்தீராதீங்க, புரையேறிப் போயிடும். அப்பவே ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் போட்ருங்க" என்றாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ராத்திரி அளவைக் குறைத்தார். ஒரு வாரம் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து குத்திப் பார்த்து எழுதி வரச் சொன்னார். சாப்பிட முடியாத நாளில் ஊசியை என்ன செய்வது என்று நானாக முடிவு பண்ணாமல் போனில் கேட்க வேண்டும் என்றார். சோற்றுக்குப் பதில் சாமை சாப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "சாமையும் மாவுச்சத்துதாம்மா. எதுவா இருந்தாலும் அளவா, தினமும் ஒரே நேரத்துல" என்றார்.

இப்போது ஏழு மணிக்குச் சட்டியை இறக்கிவிடுகிறேன். நல்ல வியாபாரம் எட்டு மணிவரை இருக்கும், போகட்டும். வெந்நீரில் தலையோடு குளித்து, அடுக்களைப் பக்கம் போகாமல் முன் அறையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர்தான் சமைக்கிறார். சாமைச் சோறு, கொள்ளுப் பருப்பு, ஏதாவது ஒரு கீரை. உலை இறங்கியது என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்கிறேன். அவர் பருப்பில் உப்பு எப்போதும் ஜாஸ்தி. சொன்னால் கோபம் வரும் என்று தின்றுவிடுகிறேன்.

மூன்று மணிக்குப் பார்த்தால் நூற்றிருபது, நூற்று முப்பது என்று நிற்கிறது. தாகமும் குறைந்திருக்கிறது, ஒரு தடவை எழுந்தால் அதிகம். பாய் மறுபடி உள்ளே வந்துவிட்டது. வா என்று நான் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சில ராத்திரி அரைத்தூக்கத்தில் என் கழுத்தைத் தொட்டு ஈரமா என்று பார்க்கிறார். அந்தக் கை பட்டதும் உடம்பு கூசுகிறது. தட்டிவிடாமல் படுத்திருக்கிறேன்.