ஜெயராணியின் சிவப்பு அட்டைகள்

குண்டசாலையில் உள்ள அந்த மொத்த விற்பனை ஸ்டோர்ஸில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்கும் சத்தம், "ராணியக்கா, காலி!" என்பதுதான். கேட்ட மாத்திரத்தில் ஜெயராணிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். மனுஷி என்ன, நூறு கையா வைத்திருக்கிறாள்?

கலகெதரயிலிருந்து ஹேவாஹெட்ட வரை உள்ள கடைகளுக்கு இங்கிருந்துதான் சாமான் போகிறது. கடைக்காரர் கேட்டதை ஆட்கள் கீழ்த்தட்டுகளில் எடுத்து லொறிக்கு அடுக்குவார்கள். கீழ்த்தட்டில் கொஞ்சம்தான் கொள்ளும். மிச்சமெல்லாம் கூரை உயரத்து மேல்தட்டுகளில் இருக்கும். போர்க்லிப்ட் வண்டி ஓட்டும், பொடியன்கள் அண்ணனாக 'நானா' என்று கூப்பிடும் பஹீமைக் கொண்டு அதை இறக்கி, பழைய திகதியை முன்னால் வைத்துக் கீழ்த்தட்டை நிரப்புவது ஜெயராணியின் வேலை. காலியான பிறகு கூப்பிட்டால், சாமான் இறங்கும் வரை எடுப்பவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இதனால்தான் மடுல்கெல்ல தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மூன்று வருஷமாக அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் நிரோஷா காய்ச்சலில் கிடந்தபோது பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவள். பிள்ளை எழும்பி, வளர்ந்து, இப்போது தாய்க்கே புத்தி சொல்கிறது. நேர்த்திக்கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

"நீங்க போனா இங்க யாரு பாக்குற?" என்பார் மனேஜர் முனாப். "இந்தக் கிழம தட்டு ஒண்ணும் காலியாகாம நடத்திக் காட்டுங்க. திருவிழாவுக்குச் சனிக்கிழம லீவு தாறேன்."

விட்டுவிடுவாளா? காட்போட்டை வெட்டிச் சிவப்புச் சாயம் அடித்தாள். பஹீம் ஒரு சாமானை இறக்கி முடிப்பதற்குள் கீழே எத்தனை பெட்டி போகும் என்று பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றிரண்டு கூட்டி, அந்த மட்டத்தில் அட்டையைச் செருகினாள். பால்மா பறக்கும் சாமான்; அதில் அட்டைக்கு அடியில் ஆறு பெட்டி விட்டாள். சீயக்காய் ஆடி அசைந்து போவது, இரண்டு போதும். அட்டை தெரிந்ததும் சாமான் எடுப்பவர் அதை உருவி, போர்க்லிப்ட் பக்கத்துப் பலகை ஆணியில் மாட்ட வேண்டும். அதைப் பார்த்துப் பஹீம் இறக்குவார்; அடியில் இருப்பது தீருமுன் புதுச் சரக்கு வந்துவிடும்.

இரண்டு நாள் ஸ்டோர்ஸில் ஒரு சத்தமில்லை. ஜெயராணி சுடச்சுட தேத்தண்ணி குடித்தாள். அதுவே பெரிய அதிசயம்.

புதன்கிழமை வந்தது வினை. "ராணியக்கா, பால்மா காலி!"

ஓடிப் போனால் தட்டு துடைத்துப்போட்ட மாதிரி இருந்தது. சாமான் எடுக்கும் பொடியன் ரமேஸ் முழித்துக்கொண்டு நின்றான். பலகையில் அட்டையும் இல்லை. தன் கணக்குத்தான் பிழைத்ததோ என்று நினைத்தாள். அப்போதுதான் ரமேஸின் சட்டைப் பையில் சிவப்பாக எதுவோ எட்டிப் பார்த்தது. இழுத்தாள். பால்மா, சவர்க்காரம், நூடில்ஸ் என்று மூன்று அட்டை.

"அடப்பாவி! இத எதுக்குடா பொத்தி வச்சிருக்க?"

"உங்களுக்குத்தான் கால் வலியாச்சேக்கா. ஒவ்வொண்ணுக்கா அலைய வேணாம், சேத்து ஒண்ணா குடுப்போம்னு..." ரமேஸின் குரல் உள்ளே போய்விட்டது.

திட்ட வாயெடுத்தவள் மூன்று அட்டையையும் அவன் கையில் திணித்தாள். இவனை அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா? "என் காலப் பத்தி நீ கவலப்படாத. அட்ட ஒன்னோட பையில இருந்தா பஹீமுக்கு எப்புடிடா தெரியும்? உருவின ஒடனே மாட்டு."

அதற்குள் முனாப் வந்துவிட்டார். "காலியாகிட்டுதானே? லீவு இல்ல, ஜெயராணி."

ஜெயராணி நிமிர்ந்தாள். "சேர், நான் இங்கன இருக்கும்போதுதானே காலியாச்சு? அப்ப நான் இருந்து என்ன புண்ணியம்? ஆளு இருந்தாலும் அட்ட ஆணிக்கு வரலன்னா காலிதான். அட்ட வந்தா நான் இல்லாட்டியும் பஹீம் எறக்குவாரு, இவங்க அடுக்குவாங்க. நாளைக்கும் நாளன்னைக்கும் நான் தட்டுப் பக்கமே போகல. பாருங்க."

முனாப் தாடியைத் தடவினார். "சரி, பாப்போம்," என்றார்.

அந்த இரண்டு நாளும் அவள் லொறி வாசலில் நின்று பில் சரிபார்த்தாள். கால் தட்டுப் பக்கமே இழுத்தது; போகவில்லை. ஒரு தட்டும் காலியாகவில்லை.

சனிக்கிழமை, மஞ்சள் சேலையும் தலையில் பால்குடமுமாக ஜெயராணி தேயிலைக்கு நடுவே கோயில் மேட்டில் வெறுங்காலோடு ஏறினாள். பக்கத்தில் நிரோஷா. அவள் கையிலிருந்த தாயின் போன் அடித்தது.

"ஸ்டோர்ஸ்லருந்தும்மா."

எந்தத் தட்டோ! குடத்தை இறக்க முடியுமா? பால் ஊற்றி முடியும் வரை சாமியைக் கும்பிட்டாளா, பால்மாவைக் கும்பிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. முடித்ததும் போனைப் பிடுங்கி ஸ்டோர்ஸுக்குத் திருப்பி அடித்தாள்; ரமேஸ்தான் எடுத்தான்.

"என்னடா ரமேஸ், எது காலி?"

"ஒண்ணும் காலியில்லக்கா. பால்மா அட்டய அப்பவே மாட்டிட்டேன். பஹீம் நானாவும் எறக்கிட்டாரு. அத ஒங்ககிட்ட சொல்லணும் போல இருந்திச்சு."

"இதுக்காடா போன் அடிச்ச, எருமை!" ஜெயராணி சிரித்தாள், கண் நிறைந்து வழிந்தது.

"அக்கா," என்றான் ரமேஸ், "மேடு ஏறினீங்களே, காலு எப்புடி?"