போட்டோவுக்குப் பின்னால் இருந்த கூர்ச்சீட்டு

திருவண்ணாமலையில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் மணிமொழி பதினெட்டு வருடமாக டைப் அடிக்கிறாள். வடக்கில் இன்னார் நிலம், தெற்கில் வண்டிப்பாதை என்று ஊரார் சொத்துக்கெல்லாம் நான்கு எல்லை அடித்துக் கொடுத்தவள் அவள். அவளுடைய சொந்தக் கழனித் தண்ணீருக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஊருக்கெல்லாம் துணி தைக்கும் டெய்லர் வீட்டில் பிள்ளைகள் பட்டன் இல்லாத சட்டையோடு திரிவதைப் பார்த்திருக்கிறோமே, அந்தக் கதைதான்.

கழனி இருப்பது அடி அண்ணாமலையில். அப்பா சுப்பிரமணிக்கு அவள் ஒரே பெண். அவரும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் அவள் கணவன் மாறன்தான் பயிர் வைக்கிறான். தண்ணீர் வருவதோ பெரியப்பா ஆதிமூலத்தின் கொல்லையில் இருக்கும் கிணற்றிலிருந்து. தாத்தா ஏழுமலை தம் இரண்டு மகன்களுக்கும் நிலத்தைப் பிரித்தபோதே கிணறு பொது என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. எண்பதுகளில் பட்டாவைப் புதுப்பிக்க வந்தவர்கள் கொல்லையோடு கிணற்றையும் சேர்த்துப் பெரியப்பா பேரிலேயே ஏற்றிவிட்டுப் போனார்கள். அண்ணன் பேரில் இருந்தால் என்ன, தம்பி பேரில் இருந்தால் என்ன என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

பெரியப்பாவின் ஒரே மகன் வல்லரசு அந்தக் கொல்லையை மனை போடுகிற ஒருவருக்கு விற்கப் பேசி முடித்திருந்தான். கிணறும் சேர்த்துத்தான். மணிமொழி போய்க் கேட்டபோது, “பட்டா அப்பா பேர்ல இருக்கு மொழி. வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. நீ ஒரு போர் போட்டுக்கோ” என்றான். அவர்கள் கழனியில் ஏற்கெனவே அறுநூறு அடிக்குப் போர் போட்டு, பாறைத்தூளைத் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. கிணறு போனால் கழனி தரிசுதான்.

அவள் சண்டை போடவில்லை, பெரியப்பா காதுக்கும் கொண்டுபோகவில்லை. மகன் ஆதவனுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். கூடப்பிறந்தவன் இல்லாததால் வல்லரசுதான் பிள்ளைக்குத் தாய்மாமன். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வாயைத் திறந்தால் கிணறும் போகும், அண்ணனும் போவான் என்று அடக்கிக்கொண்டாள்.

காதுகுத்தன்று காலை வீடு நிறைய ஜனம். வல்லரசு பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு சீர்த்தட்டோடு வந்து இறங்கினான். அப்பா மாட்டி வைத்த தாத்தா படத்துக்கு மாலை போடலாம் என்று மாறன் அதை ஆணியிலிருந்து எடுத்தான். பின்பலகை பூச்சி அரித்துப் பொலபொலத்துக் கிடந்தது, கையோடு வந்துவிட்டது. படத்துக்கும் பலகைக்கும் நடுவில் நாலாக மடித்த காகிதம் ஒன்று.

மணிமொழி பிரித்தாள். முதல் வரியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பிழைப்பே அதுதானே! பங்காளிகள் பிரித்துக்கொண்டதை ஊர்க் கணக்குப்பிள்ளையை வைத்து வெள்ளைத்தாளில் எழுதும் கூர்ச்சீட்டு. வருடம் 1972. ‘அ’ பட்டியல் ஆதிமூலத்துக்கு மேல்கொல்லை. ‘ஆ’ பட்டியல் சுப்பிரமணிக்குக் கீழ்க்கழனி. அதற்கடியில்: ‘கொல்லையிலுள்ள கிணறு இருவருக்கும் சரிபாதி பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது. கிழக்கு வரப்பில் பத்தடி வண்டிப்பாதையும் பொது.’ கீழே ஆதிமூலத்தின் கையெழுத்து, சுப்பிரமணியின் கைநாட்டு, சாட்சிகள் இரண்டு பேர்.

அவள் அதைச் சத்தமாகவே வாசித்து முடித்தாள். ஆசாரி காதுகுத்தும் ஊசியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“இது ரெஜிஸ்டர் ஆகாத சீட்டு” என்றான் வல்லரசு. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. “கோர்ட்டுக்குப் போனா செல்லாது. உனக்கே தெரியும்.”

“தெரியும்ணே” என்றாள் மணிமொழி. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “ரெஜிஸ்டர் பண்ணாததாலதான் உன் வில்லங்கத்துலயும் இது வரல. இத மட்டும் காட்டிப் பாத்தியம் கேக்க முடியாது. யார் யார் எத அனுபவிச்சிட்டு வந்தாங்கன்னு காட்டத்தான் ஒதவும். சாட்சிங்களும் இப்ப இல்ல.”

மாறன் தலையில் அடித்துக்கொண்டான். நம் கட்சி வக்கீலே எதிர்க்கட்சிக்கு வாதாடினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“குடு அத” என்றார் பெரியப்பா. எழுபத்தைந்து வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“என் சீட்டு கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு. தன்னோடத கறையான் தின்னுடுச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தான் சுப்பிரமணி. படம் லொடலொடன்னு ஆடுதுன்னு அண்ட குடுக்க இதயா மடிச்சி வச்சான்? படிக்கத் தெரியாத பய!” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்தார். “கொல்லைய விக்கறேன்னுதான சொன்ன. கெணறையும் சேத்தா பேசின?”

“பட்டா உங்க பேர்லதான இருக்குது, நைனா?”

“பட்டா ஆயிரம் சொல்லும். கையெழுத்து என்னுது. போட்டவன் இன்னும் உயிரோடதான் இருக்கேன். இந்தப் புள்ளைய மடியில வச்சிக்கினு காது குத்தப் போற. அதோட தண்ணிய வித்துட்டு நாளைக்கு அது மூஞ்சியில எப்படிடா முழிப்ப?”

வல்லரசு வாசல் பக்கம் போனான். காகிதத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட மணிமொழிக்கு ஒரு கணம் தோன்றியது. அண்ணன் போய்விட்டால் அப்புறம் தண்ணீர் எதற்கு? ஆனால் அவன் செருப்பை மாட்டவில்லை. போனை எடுத்து யாரிடமோ பேசினான். திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

“கெணறும் பாதையும் போக மிச்சத்துக்கு ஒத்துக்கறாரு. பணம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்” என்றான். ஆதவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். “என்ன எழுதணும்னு நீயே சொல்லு.”

“பெரியப்பா, நீ, நான், மூணு பேரும் கையெழுத்துப் போட்டு பாகப்பிரிவினைப் பத்திரமாவே பதிஞ்சிடலாம்ணே. அப்பாவோட வாரிசுச் சான்று என்கிட்ட இருக்கு. பதிஞ்சதும் உட்பிரிவுக்கு எழுதிக் குடுத்தா சர்வேயர் வந்து கெணறையும் பாதையையும் தனியா அளந்து, ரெண்டு வீட்டுக்கும் கூட்டுப் பட்டா போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் நீ கொல்லைய வித்தா வாங்கறவருக்கும் தொல்லை இல்ல.”

“எழுத்துக்கூலி?”

“மாமன் சீர்ல கழிச்சிக்கறேன்.”

வல்லரசுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆசாரி அந்தச் சந்தில் ஊசியை இறக்கினார். ஆதவன் போட்ட கூச்சலில் பந்தி பரிமாற வந்தவர்கள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

அடுத்த வாரம் மணிமொழியே பத்திரத்தை டைப் அடித்தாள். ‘இ’ பட்டியல், பொதுக்கிணறு என்று அடித்தபோது ஒரே சொல்லை மூன்று முறை அடித்துத் திருத்தினாள். இப்படி அவள் தடுமாறி முதலாளி பார்த்ததே இல்லை. பதிவு நாளன்று பெரியப்பா வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். எழுதியிருப்பது சம்மதமா என்று சார்பதிவாளர் கேட்டதற்கு, பக்கத்து அறைக்கும் கேட்கும்படி “சம்மதம்” என்றார்.

போட்டோ எடுத்து ரேகை வைக்கும் இடத்தில் வழக்கம்போலக் கூட்டம். பெரியப்பா முடித்தார், வல்லரசு முடித்தான். மணிமொழி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கணினியில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வருடக்கணக்காக மணிமொழியை அங்கே பார்ப்பவள் அவள். யாராவது ஒருவருக்குப் பின்னால் பத்திரக்கட்டோடு நின்றபடிதான் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, கொஞ்சம் எழுந்திருங்க. பார்ட்டி உக்காரட்டும்.”

மணிமொழி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தாள்.

“நான்தான் பார்ட்டி” என்றாள்.