அடையாளம் வைக்காத திருத்தங்கள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள்கூட அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. வெளிநாட்டு பேக்கிங் மெஷின்களை இங்கே விற்றுக் கொடுக்கும் ஏஜென்சி அது. அங்கே பதினோரு பேர் இங்கிலீஷில் மெயில் எழுதினார்கள், அந்தப் பதினோரு பேரின் இங்கிலீஷையும் வெளியே போகும் முன்பு சரிபார்ப்பது அவள் வேலை. பொதுக் கோப்புறையில் வரைவைப் போட்டுவிட்டு, "டீச்சர், கொஞ்சம் பாத்து விடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது வரைவு சிவந்து கிடக்கும்.

தப்புகள் எல்லாம் பழகிய முகங்கள். 'அஃபெக்ட்' வரவேண்டிய இடத்தில் 'எஃபெக்ட்' உட்கார்ந்திருக்கும். பாதிப்பது ஒன்று, விளைவிப்பது, நடத்தி வைப்பது மற்றொன்று. தாமதம் டெலிவரியைப் பாதிக்காது என்று எழுத நினைத்தவன், தாமதம் டெலிவரியை நடத்தி வைக்காது என்று எழுதியிருப்பான். 'இட்ஸ்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு மேலே ஒரு குறியைப் போடுவார்கள். 'இட் இஸ்' என்பதைச் சுருக்கினால்தான் அந்தக் குறி, 'அதனுடைய' என்றால் குறி கிடையாது. மெஷினும் அதனுடைய மோட்டாரும் என்று எழுதப் போய், மெஷினே மோட்டார் ஆகிவிடும். கம்ப்யூட்டரும் இதையெல்லாம் கண்டுகொள்ளாது, ஏனென்றால் எழுத்துக்கூட்டலில் பிழை இல்லை. இரண்டுமே அகராதியில் உள்ள நல்ல சொற்கள். ஆள் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த ஏஜென்சிக்கென்றே ஒரு வியாதி இருந்தது. யாருடைய மெஷினை விற்கிறார்களோ அந்தக் கம்பெனிக்குத் தொழிலில் 'பிரின்சிபல்' என்று பெயர். நாளைக்கு நாற்பது தடவை அந்தச் சொல்லை அடித்து அடித்து, எல்லோர் விரலுக்கும் அது பழகிவிட்டது. 'கொள்கை அளவில் சம்மதம்' என்று எழுதும்போதும் கொள்கைக்குரிய 'பிரின்சிபிள்' என்ற சொல்லின் எழுத்தை விட்டுவிட்டு, கம்பெனிக்காரரின் எழுத்தையே போட்டுவிடுவார்கள். உச்சரிப்பு ஒன்றாக இருப்பதால் வாய்விட்டுப் படித்தாலும் தெரியாது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். டீச்சர் அப்படித்தான் பார்த்தாள், பதினாறு வருஷம்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. அவளாகத் திருத்தி அனுப்பிவிடமாட்டாள். மாற்றியதெல்லாம் சிவப்பில் தெரியும்படி வைத்து, ஓரத்தில் ஒரு வரி காரணமும் எழுதி, எழுதியவருக்கே திருப்பி அனுப்புவாள். அவர் படித்துப் பார்த்து, ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு, அவரேதான் அனுப்ப வேண்டும். "டீச்சருக்கு இரக்கமே இல்ல" என்று புலம்பினார்கள். ஆனால் ஆறு மாதத்தில் பாதிச் சிவப்பு குறையும். இரண்டு வருஷம் போனால் ஆளே மாறிவிடுவார். ஸ்டோர்ஸ்காரர் ஒருவர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், இப்போது அவர் எழுதும் மெயிலில் ஒரு காற்புள்ளிதான் மாற்ற வேண்டியிருந்தது.

தம்பி அந்த அலுவலகத்தில் சேர்ந்தது அவள் சொல்லித்தான். அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அப்பா இறந்த வருஷம் அவனுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம், அத்தோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் அவன் ஒரு வருஷம் தங்கவில்லை. ரோஷக்காரன். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் மறுநாள் போகமாட்டான். "இங்கயாவது நிலைச்சு நிக்கட்டும்டி" என்று அம்மா சொன்னபோது, அவள் மேனேஜரின் அறைக் கதவைத் தட்டினாள்.

சேர்ந்த மூன்றாவது வாரம் அவனுடைய வரைவைத் திருத்தித் திருப்பி அனுப்பினாள். எல்லோருக்கும் செய்வதைத்தான் செய்தாள். அந்த நேரம் பார்த்து விற்பனைப் பிரிவு ஆட்கள் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

"டேய், இது மெயிலா, தக்காளித் தோட்டமா?"

"சொந்த அக்காவே இப்படிப் போட்டுத் தாக்கிருக்காங்களே!"

அவர்கள் வேண்டுமென்று சொல்லவில்லை. எல்லோரும் அந்தத் தோட்டத்தைத் தாண்டி வந்தவர்கள்தான். தம்பியும் சிரித்தான். ஆனால் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தவள், இவன் நாளைக்கு வரமாட்டான் என்று பயந்தாள்.

மறுநாளிலிருந்து அவன் வரைவுகளுக்கு மட்டும் அவள் சிவப்பை நிறுத்தினாள். சுத்தமாகத் திருத்தி, அவனுக்குத் திருப்பாமல், அவன் பெயரிலேயே பொது முகவரியிலிருந்து அனுப்பிவிட்டாள். ஒரு வாரத்துக்கு, மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு என்றுதான் நினைத்தாள். நான்கு வருஷம் ஓடிவிட்டது.

அவன் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அனுப்பின மெயிலைத் திரும்பப் படிக்கிற ஆசாமியை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? பதில் வந்தால் மேலே இருக்கும் இரண்டு வரியைப் படிப்போம், அடியில் தொங்குவதை யார் பார்க்கிறார்கள்? தன் மெயிலுக்கு மட்டும் சிவப்பு வருவதில்லை, நேராகப் போய்விடுகிறது என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது. தேறிவிட்டோம் என்று நம்பினான். நிமிர்ந்து நடந்தான். கல்யாணம் செய்துகொண்டான். ஸ்டோர்ஸ்காரரின் தோளைத் தட்டி, "எங்க அக்காகிட்ட இன்னுமா மாட்றீங்க?" என்று கேலி செய்யும் அளவுக்குப் போனான். டீச்சர் அப்போது திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வேறு ஊரில் கிளை திறந்தபோது மேனேஜர் அவனைப் பொறுப்பாளராகப் போட்டார். ஆள் சுறுசுறுப்பு, வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்தவன், அதெல்லாம் உண்மை. "அதோட, சிவப்பே வாங்காத ஒரே ஆளு" என்றார் எல்லோர் முன்னாலும். கிளையிலிருந்து மெயில் நேராகப் போகும், நடுவில் டீச்சர் கிடையாது.

தம்பிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா அழுதாள். அவனிடம் உண்மையைச் சொல்ல டீச்சருக்குப் பத்து நாள் அவகாசம் இருந்தது. ஒன்பது நாளை, இன்றைக்கு வேண்டாம், பெட்டி கட்டுகிறார்கள், இன்றைக்கு வேண்டாம், மாமனார் வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஓட்டினாள். பத்தாம் நாள் பஸ் நிறுத்தத்தில், குழம்பும் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதிய ஒரு தாளை அவனிடம் நீட்டினாள்.

"இதை மேசை மேல ஒட்டி வச்சுக்கோ."

அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, இதெல்லாம் எனக்கெதுக்கு? ஸ்டோர்ஸ்காரருக்குக் குடு, பாவம்."

சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நின்றது. அவன் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பை அவள் பத்து வருஷமாகப் பார்த்ததில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கோழை. நான் சொல்லவில்லை, பிறகு அவளே தன்னைச் சொல்லிக்கொண்டதுதான்.

ஏழாவது வாரம் மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் அச்செடுத்த மெயில்கள் இருந்தன.

"உக்காருங்க டீச்சர். இதைப் படிங்க."

அவள் படித்தாள். துறைமுகத் தாமதம் உங்கள் சப்ளையை 'எஃபெக்ட்' செய்யாது. மெஷினும் 'இட்ஸ்' உதிரி பாகங்களும், தலையில் குறியோடு. விலைமாற்றத்துக்கு 'பிரின்சிபல்' அளவில் சம்மதம், கொள்கைக்குக் கம்பெனிக்காரரின் எழுத்தோடு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் அதையெல்லாம் வட்டம் போட்டு, நீங்கள் எங்கள் பெயரில்தானே கடிதம் எழுதுகிறீர்கள், இவர் எழுதுவதை எங்கள் பெயரில் வெளியே விட எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

"முன்னாடி சுத்தமா எழுதினவன்தானே? அங்க போய் ஏதாவது பிரச்சினையா? குடும்பத்துல, உடம்புக்கு?"

மேனேஜர் நல்ல மனுஷர். தப்பித்துக்கொள்ள வழியை அவரே திறந்து வைத்தார். ஆமாம் சார், மனசு சரியில்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் கிடைத்திருக்கும். ஆனால் இரண்டு மாதத்திலும் அவன் இதையேதான் எழுதுவான். அவனுக்குத் தெரியாதே.

"முன்னாடியும் இப்படித்தான் சார் எழுதினான். நான் காட்டாம திருத்தி அனுப்பிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாலு வருஷமாவா?" என்றார்.

மேனேஜர் தம்பியிடம் நடந்ததைச் சொன்னார், கிளைக்கு வேறு ஆள் போனார். தம்பியை வேலையை விட்டு நிறுத்தவில்லை, இங்கே திரும்பக் கூப்பிட்டுக் கிடங்கில் போட்டார்கள். சரக்கு இறக்குவதை எண்ணிப் பார்க்கும் வேலை, எழுத ஒன்றுமில்லை. பழைய ஆளாக இருந்திருந்தால் ரோஷத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். இந்தத் தடவை பேசாமல் வந்து சேர்ந்தான். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

வந்த முதல் சனிக்கிழமை, பகல் சாப்பாட்டு வேளையில், அவள் மேசைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பழைய வரைவுகளைத் திறக்கச் சொன்னான். ஒவ்வொரு கோப்பின் பழைய வடிவமும் கம்ப்யூட்டரில் இருக்கும். அவன் எழுதியது இடப்பக்கம், அவள் அனுப்பியது வலப்பக்கம். திறந்து கொடுத்தாள். அவன் எழுத்து எழுத்தாகப் படித்தான். ஓரிடத்தில் நின்றான்.

"இங்க நான் 'எஃபெக்ட்'னு போட்டதை நீ மாத்தலையே?"

"அது சரிடா. ஷிப்மெண்ட்டை நடத்திக் குடுப்போம்னு சொல்றப்ப அதுதான் வரணும்."

"ஓ." தலையாட்டினான். அடுத்ததைத் திறந்தான், அதற்கடுத்ததை. ஒரு மணி நேரத்தில் அவனே தப்பை முதலில் தொட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டான். "இதுல குறி வராது, அதனுடையதானே?" அவள் ஆமாம் என்றாள். "இது கொள்கை, எழுத்து வேற." ஆமாம். மணி இரண்டு ஆவதற்குள் பத்தில் எட்டைச் சரியாகச் சொன்னான். இவ்வளவுதானா? ஒரு சாப்பாட்டு வேளைதானா இதற்கு வேண்டியிருந்தது?

"மன்னிச்சிடுடா" என்றாள். "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகக்கூட இல்லை குரல்.

"மத்தவங்களைப் பாத்தும்தானே சிரிச்சாங்க. ஸ்டோர்ஸ்காரரைப் பாத்து எவ்வளவு சிரிச்சாங்க. அவருக்கு மட்டும் நிறுத்தலையே நீ."

"அவரு வேற, நீ..."

"அவரு கத்துப்பாருன்னு உனக்குத் தெரியும். நான் கத்துக்கமாட்டேன்னு நினைச்சுட்டேக்கா."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாசத்தில்தான் செய்தேன் என்று நான்கு வருஷமும் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். இவன் கற்றுக்கொள்வான் என்று நம்பினேனா என்று மட்டும் தன்னிடம் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது அவன் சொன்னபோது, பதில் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவன் எழுந்து, நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு, கிடங்குக்குப் போனான்.