கடைசியாய்க் குடிக்கிறவள்

இந்தப் பாரோய் டவுனில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்கிறேன், இந்த வயதில், இந்த முழங்காலோடு. அப்போது ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று தேர்தல் பாட்டோடு போகிறது. பாலம் வருமாம், வேலை வருமாம், எல்லாமே வருமாம். எனக்கு வந்தது ஒரு வாசனைதான். ஈரத் தகர வாளியின் வாசனை. அது என்னைக் கையைப் பிடித்து எங்கள் தோட்டப் பள்ளிக்கூடக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலம் அது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் சோற்றுத் தூக்கைக்கூடக் கேட்டில் திறந்து பார்ப்பார்கள், காட்டுக்குச் சோறு போகிறதா என்று. என் வகுப்புச் செல்லம்மாவின் அப்பாவை ஒரு விடியற்காலையில் போலீஸ் கொண்டுபோனது. ஏன் என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. "அந்தப் புள்ளையோட சேராத" என்று எல்லா அம்மாக்களும் சொன்னார்கள், என் அம்மா உட்பட. நான் சேர்ந்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள், அவளைப் போல் பல்லாங்குழி ஆட வேறு ஆளில்லை.

அந்த நேரத்தில்தான் வாத்தியார் மாணவர் மன்றத் தேர்தல் வைத்தார். தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் மகன் குமரேசன் நின்றான். செல்லம்மாவும் எழுந்து நின்றாள். வகுப்பே அவள் பக்கம் திரும்பியது.

"ஏண்டி நின்ன?" என்று பிறகு கேட்டேன்.

"நாலு பேராவது எம் பேரச் சொல்லட்டுமேன்னுதான்."

பிரசாரத்துக்கு ஆளுக்கொரு பாட்டு. வாத்தியார் வைத்த விதி ஒன்றுதான்: பாடும்போது யார் வேண்டுமானாலும் "நெசமா?" என்று கேட்கலாம். நிரூபிக்க முடியாத வரி வெட்டு.

நான்தான் கவிராயர். மாரியம்மன் திருவிழாக் கும்மி மெட்டை எடுத்தேன். அது தெரியாத பிள்ளை தோட்டத்தில் கிடையாது. வரிகள் குட்டையாக, கைதட்ட இடம் விட்டு, பெயர் ஒவ்வொரு முறையும் கைத்தட்டில் வந்து விழுகிற மாதிரி. ஊரார் கேலி செய்யும்முன் நாமே செய்துவிட்டால் அவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும், இல்லையா?

ஓட்டப்பல்லு செல்லம்மா
கணக்கு கொஞ்சம் மந்தம்மா
பந்து வாங்கித் தரமாட்டா
பள்ளிக்கு லீவும் விடமாட்டா
குழாயடியில கடைசியா
குடிக்கிறவ நம்ம செல்லம்மா!

இன்னும் ஒரு வரி இருந்தது. 'தீவாளிக்கு அவங்க அப்பா வந்திருவாரு.' மெட்டில் அழகாக உட்கார்ந்தது. கேட்டால் எல்லார் மனமும் இளகும். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். செல்லம்மா படித்தாள், எச்சில் தொட்டு அழித்தாள்.

"நெசமான்னு கேட்டா நான் என்னடி சொல்வேன்?"

குமரேசன் முதலில் பாடினான். சி ரூசா கடற்கரைக்கு எல்லாரையும் கூட்டிப்போவானாம்.

"நெசமா? வேலி கேட்டத் தாண்ட ஒங்கிட்ட பாஸ் இருக்காடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

அந்த வரி போனது. புதுப் பந்து வாங்கித் தருவதாகச் சொன்ன வரியும் போனது. மிச்சமிருந்தது அவன் பெயர் மட்டும். அதையே பாவம் இரண்டு தரம் பாடினான்.

எங்கள் முறை. "கணக்குல மந்தமா? நெசமா?" என்றார் வாத்தியாரே. "ஏழெட்டு எவ்வளவு?"

"அம்பத்திநாலு சார்!"

கூரை அதிரச் சிரிப்பு. வரி நின்றது. "கடைசியா குடிப்பேன்னு எப்படி நம்புறது லா?" என்றான் குமரேசன்.

"ரீசஸ் மணியடிச்சதும் கொழாயடிக்கு வந்து பாரு."

வந்து பார்த்தார்கள். நூலாக ஒழுகும் குழாய். எல்லாரையும் முன்னே விட்டுவிட்டுச் செல்லம்மா கடைசியில் நின்றாள். சேராதே என்று சொல்லப்பட்ட அத்தனை பிள்ளைகளின் வாயும் மறுநாள் கைதட்டி அவள் பெயரைப் பாடியது. லயத்தில்கூடப் பாடியது. அம்மாக்களால் என்ன செய்ய முடியும், கும்மி மெட்டாயிற்றே.

ஓட்டு என்றால் ரப்பர் கொட்டை. கரும்பலகைக்குப் பின்னால் இரண்டு பால் டின், ஆளுக்கொன்று. விழும் சத்தம் கேட்காமலிருக்க அடியில் துணி. செல்லம்மாவின் டின் நிறைந்து தரையில் சிந்தியது.

சில வாரம்கூட ஆகவில்லை. ரீசஸ் நேரத்தில் லாரி வந்தது. செல்லம்மாவின் அப்பாவைக் கப்பலேற்றி நாடு கடத்துகிறார்கள். தாயும் மகளும் கூடப் போக வேண்டும். லாரியில் மூட்டையோடு அவள் அம்மா. டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

"கப்பல்ல அப்பா இருப்பாராடி?" என்றேன்.

"இருப்பாருன்னு சொல்றாங்க."

லாரிப் பக்கம் போகவில்லை. குழாயடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். குமரேசன் வழி விட்டான்.

"நீ முதல்ல குடி செல்லம்மா. லாரி நிக்குதுல்ல."

"பாட்டுல அப்படி இல்லியே."

ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவராகக் குடித்தோம், அவசரமாக விழுங்கியதில் எனக்குப் புரையேறியது. அவள் கடைசியாய்க் குடித்தாள், பாவாடையில் வாயைத் துடைத்தாள், ஏறினாள்.

இப்போது அங்கே ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். முள்வேலி இல்லை, நல்லதுதான். பள்ளிக்கூடமும் இல்லை, குழாய் நின்ற இடமும் தெரியவில்லை. லயத்துப் பிள்ளைகள் எந்தெந்த டவுனிலோ. அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வாளி நிறையும் சத்தத்தில் முணுமுணுத்துப் பார்த்தேன். அழித்த வரி வரவேண்டிய இடத்தில் வாய் நின்றுவிட்டது.

கப்பலில் அவள் அப்பா இருந்தாரா? தெரியாது. தெரியாததால் இன்றுவரை அந்த இடத்தில் நான் எதையும் பாடுவதில்லை.