இருபத்தைந்தும் இருபத்தொன்றும்

அப்போது நான் சங்கரன்கோவில் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கல்யாணமாகி ஆறு மாதம். நாங்கள் வாங்கும் வாரப் பத்திரிகையில் ஒரு போட்டி வந்தது. ஒரு சதுரம், அதற்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், நட்டநடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். இதில் முக்கோணமும் சதுரமும் சேர்த்து மொத்தம் எத்தனை? ஒருவர் ஒரு கார்டுதான் போடலாம்.

கச்சேரியில் வைத்தே எண்ணிவிட்டேன். முக்கோணம் இருபது, சதுரம் ஐந்து, ஆக இருபத்தைந்து. என் கணக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பக்கத்து மேஜைக்காரர்கள் மூன்று பேருக்கும் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் உடனே கார்டு வாங்கி எழுதித் தபாலிலும் சேர்த்துவிட்டார்கள். நான் மட்டும், அழகாக எழுத வேண்டுமென்று கார்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நான் கணக்கைக் குறித்துவைத்திருந்த தாளை என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பாதிச் சதுரமா வர்ற பெரிய முக்கோணம் எட்டா? எப்படிங்க?"

"மூலைக்கோடு ரெண்டு. ஒவ்வொரு முனையிலேருந்தும் ரெண்டு ரெண்டு. எட்டுதானே?"

அவள் படத்தைப் பெரிதாக வரைந்து, உள்ளே இருந்த எட்டுத் துண்டுகளுக்கும் வரிசையாகச் சுற்றி ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டாள்.

"இந்த முனையிலேருந்து எண்ணுனது எந்தெந்தத் துண்டு?"

"ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"அந்த முனையிலேருந்து?"

"அஞ்சு, நாலு, மூணு..."

"அதே நாலு துண்டுதானே? எப்படித் திருப்பிச் சொன்னாலும் ஒரே முக்கோணந்தான்."

பெரியது நான்குதான். தனித்துண்டு எட்டு, இரண்டு துண்டு சேர்ந்தது நான்கு. முக்கோணம் மொத்தம் பதினாறு. சதுரம் மட்டும் அவள் நான்கு என்றாள். வெளியே சுற்றியிருந்த பெரிய சதுரத்தை நான் காட்டியதும் எனக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சியது. இருபத்தொன்று என்று எழுதிப் போட்டேன்.

மறுநாள் மூவரிடமும் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். போன கார்டைத் திருப்ப முடியாதே என்று விழுங்கிவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. முடிவு வந்த இதழில் சரியாக எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர்!

"என்ன வே, எங்களுக்கு இருபத்தஞ்சு, உமக்கு மட்டும் இருபத்தொண்ணா?" என்றார் ஒருவர். மற்ற இருவரும் என்னைப் பார்க்கவேயில்லை. இரண்டு நாள் ஒருவரும் பேசவில்லை.

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை மூவரையும் காப்பிக்கு அழைத்தேன். என் மனைவி அந்தத் தாளை எடுத்து நடுவில் வைத்து, நான் உளறியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு போட்டி வந்தால் என்னிடம் யாரும் விடை கேட்கவில்லை. "வீட்ல கேட்டுட்டு வாரும் வே" என்று படத்தை வரைந்து என் சட்டைப்பையில் செருகிவிடுவார்கள்.