சிலிண்டர் வட்டம்

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் கழுவித் துடைக்கும் அக்காவுக்குத் தெருவே வைத்த பெயர் கறை அக்கா. தரையில் படிந்த கறையைப் பார்த்தே, இது பெயிண்ட் டப்பா, இது வாளி என்று சொல்லிவிடுவாள். வாய் நீளம், வேலை அதைவிடச் சுத்தம். என்னைப் போன்ற அவசரக்குடுக்கையிடம் பத்து வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

பாத்ரூமில் கேஸ் சிலிண்டர் வைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரம்மா போட்ட கண்டிஷன். சமையலறையில் இடமில்லை, இரண்டாவது சிலிண்டரை அங்கேதான் வைத்தோம். ஈரத்தில் அடிவளையம் துருப்பிடித்து டைல்ஸில் பெரிய பழுப்பு வட்டம். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் நான்கு மணிக்கு வருகிறார் என்று போன் வந்தபோது மணி இரண்டரை. சிலிண்டரை வெளியே உருட்டிவிட்டு, ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டினேன். வட்டம் இன்னும் கருத்தது. பதறிப்போய் டாய்லெட் ஆசிட் பாட்டிலைத் திறந்தேன்.

உள்ளே வந்த அக்கா பாட்டிலைப் பிடுங்கினாள்.

"ப்ளீச்சிங் மேல ஆசிட்டா? புகை கிளம்பி மூச்சை அடைச்சிடும்! வெளிய போங்க முதல்ல. ப்ளீச்சிங் துருவை எடுக்காது, இன்னும் பிடிக்கவைக்கும்."

ஜன்னலைத் திறந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ப்ளீச்சிங் வாடை அடியோடு போகும்வரை கழுவினாள். கடிகாரத்தைக் காட்டிக் கத்தினேன். "எலுமிச்சையும் புளிப்புதான். இது போகாம அதையும் போட முடியாது" என்றாள். அப்புறம்தான் உப்பும் எலுமிச்சைச் சாறும் குழைத்து அப்பினாள்.

"கம்பி பிரஷ் வேணாம், பளபளப்பு போயிடும். ஊறட்டும்."

ஊறுவதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். பாதி வட்டம் பல்லிளித்தது.

"என்னம்மா இது?"

அக்கா முந்திக்கொண்டாள். "என் இரும்பு வாளிம்மா. மறந்து வச்சிட்டேன்."

"எங்க வீட்டையும் இப்படித்தான் பண்ணுவியா? நாளையிலிருந்து அங்க வராதே."

அவர் வீட்டிலும் அக்காவுக்கு வேலை. நான் ஒப்பந்தத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா மறுபடி சாறு பிழிந்து, பழைய பல் பிரஷால் தேய்த்தாள். வட்டம் மங்கி மங்கி மறைந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்கு அஞ்சு வீடு. உங்களுக்கு இது ஒண்ணுதானே."

வெட்கத்தில் குறுகிப்போனேன். அவள் எதிரிலேயே வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, சிலிண்டர் என்னுடையது என்று சொன்னேன். கிழிகிழியென்று கிழித்தார். அக்காவை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். எங்களுக்கு ஒப்பந்தம் இரண்டு வருஷத்திலிருந்து ஆறு மாதமாகச் சுருங்கியது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ப்ளீச்சிங்ல காட்டின அதே அவசரம்!" என்று திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை.